யென் கேரி டிரேடும் 1998 அக்டோபர் வீழ்ச்சியும்

கேரி டிரேட் என்பது வட்டி குறைவாக உள்ள ஒரு நாட்டின் நாணயத்தில் கடன் வாங்கி, அதை வட்டி அதிகமாக உள்ள வேறொரு நாட்டின் நாணயமாக மாற்றி முதலீடு செய்யும் வணிகமாகும். இரண்டு வட்டிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இதன் லாபம். முதலீட்டை விற்காமல் கையில் வைத்திருப்பதாலேயே வரும் வருமானத்தை நிதிச்சந்தையில் கேரி என்று அழைப்பர். வணிகத்தின் பெயர் அதிலிருந்து வந்தது.

1990களின் நடுப்பகுதியிலிருந்து இவ்வணிகத்தில் பெரிதும் கடனாகப் பெறப்பட்ட நாணயம் ஜப்பானின் யென் ஆகும். மூன்று ஆண்டுகளாக மெல்ல மெல்லக் குவிந்த இக்கடன்கள் 1998 அக்டோபர் மாதத்தின் மூன்று நாட்களில் அவசர அவசரமாகத் திருப்பப்பட்டன. அந்த நாட்களில் யென்னுக்கு எதிராக டாலரின் மதிப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு சரிந்தது. உலகின் மிகப் பெரிய இரண்டு பொருளாதாரங்களின் நாணயங்களுக்கு இடையில் அத்தகைய நகர்வு மிக அரிது. அதற்கு ஈடான செய்தி எதுவும் அந்த நாட்களில் ஜப்பானிலிருந்து வரவில்லை. காரணம், கடன் வாங்கியோரின் நிலையிலேயே இருந்தது.

## ஜப்பானில் வட்டி குறைந்த பின்னணி

1980களின் இறுதியில் ஜப்பானில் நிலத்தின் விலையும் பங்குகளின் விலையும் வரலாறு காணாத உயரத்திற்குச் சென்றன. டோக்கியோ பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் 38,900 புள்ளிகளைக் கடந்தது. விலையேற்றத்தை அடக்க நடுவண் வங்கியான ஜப்பான் வங்கி தனது கழிவு வீதத்தை 1990 ஆகஸ்டில் 6 விழுக்காடு வரை உயர்த்தியது. குமிழி உடைந்தது. நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்திருந்த வங்கிகளிடம் வாராக்கடன்கள் குவிந்தன. பொருளாதாரம் தேங்கியதால் ஜப்பான் வங்கி வட்டியைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கியது.

பொருளாதாரம் நலிந்திருந்தபோதும் யென்னின் மதிப்பு ஏறிக்கொண்டே சென்றது. 1995 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 80 யென்னுக்கும் குறைவாகவே கிடைத்தது. (இக்கட்டுரையில் நாணயமாற்று வீதம் எங்கும் ஒரு டாலருக்கு எத்தனை யென் என்றே தரப்படுகிறது. எண் குறைந்தால் யென் வலுப்பெறுகிறது, எண் கூடினால் யென் வலுவிழக்கிறது.) ஏற்றுமதியை நம்பிய ஜப்பானிய நிறுவனங்களுக்கு இது பேரிடியாக இருந்தது. எனவே அரசு சந்தையில் டாலரை வாங்கி யென்னின் ஏற்றத்தைத் தடுக்க முனைந்தது. ஜப்பான் வங்கி 1995 செப்டம்பரில் கழிவு வீதத்தை 0.5 விழுக்காடாகக் குறைத்தது.

இதே காலத்தில் அமெரிக்காவில் வங்கிகளுக்கிடையேயான ஒருநாள் வட்டி 5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. 1997 மார்ச்சுக்குப் பின் பெடரல் ரிசர்வ் அதை 5.5 விழுக்காட்டில் நிறுத்தி வைத்திருந்தது. இரு நாடுகளின் வட்டிக்கும் இடையே ஐந்து விழுக்காட்டளவு இடைவெளி உருவானது. அந்த இடைவெளி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் என்ற நம்பிக்கையும் எழுந்தது. கேரி டிரேட் வளர இந்த இரண்டும் போதுமானவை.

## வணிகம் நடக்கும் முறை

ஒரு முதலீட்டு நிதியத்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்கின் எளிமைக்காக எண்கள் முழுமையாக்கப்பட்டுள்ளன. நிதியத்தின் சொந்தப் பணம் 10 லட்சம் டாலர். அதை ஈடாகக் காட்டி, ஒரு வங்கியிடம் 135 கோடி யென் கடன் வாங்குகிறது. ஆண்டு வட்டி 0.7 விழுக்காடு. அன்றைய மாற்று வீதம் 135 என்றால், அக்கடனை மாற்றியதும் 1 கோடி டாலர் கிடைக்கும். அதை 5 விழுக்காடு தரும் அமெரிக்க அரசுப் பத்திரங்களில் நிதியம் முதலீடு செய்கிறது.

ஓராண்டில் பத்திரங்களிலிருந்து 5 லட்சம் டாலர் வட்டி வரும். யென் கடனுக்குக் கட்ட வேண்டிய வட்டி 94.5 லட்சம் யென், அதாவது 70,000 டாலர். மாற்று வீதம் அசையாமல் இருந்தால் மீதமாவது 4.3 லட்சம் டாலர். முதலீடு செய்த 1 கோடி டாலரின் மீது இது 4.3 விழுக்காடுதான். நிதியத்தின் சொந்தப் பணமான 10 லட்சத்தின் மீதோ இது 43 விழுக்காடு. சிறிய வட்டி வேறுபாட்டைப் பெரிய லாபமாக மாற்றுவது சொந்தப் பணத்தைப் போலப் பத்து மடங்கு வாங்கிய கடனே.

அதே கடன் எதிர்ப்புறத்திலும் வேலை செய்யும். ஆண்டு முடிவில் நிதியத்தின் கையில் 1.05 கோடி டாலர் இருக்கும். வட்டியுடன் சேர்த்துத் திருப்ப வேண்டியது 135.945 கோடி யென். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 129.5 என்ற வீதம் கிடைக்கிறது. டாலர் 135 யென்னிலிருந்து 129.5 யென்னுக்கு இறங்கினாலே ஓராண்டின் வட்டி லாபம் முழுவதும் போய்விடும். முதலீடு செய்த சில நாட்களிலேயே டாலர் 122.7 யென்னுக்கு இறங்கினால், அந்த 135 கோடி யென்னைத் திருப்பிக் கொடுக்க 1.1 கோடி டாலர் தேவைப்படும். பத்திரங்களை முழுவதும் விற்று, சொந்தப் பணம் 10 லட்சத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கடன் அடையும். டாலர் 112 யென்னுக்கு இறங்கினால் இழப்பு 20 லட்சம் டாலரைத் தாண்டும். அது சொந்தப் பணத்தைப் போல இரு மடங்கு.

நடைமுறையில் கடன் கொடுத்த வங்கி அதுவரை காத்திருக்காது. டாலர் இறங்க இறங்க, ஈட்டுத்தொகையைக் கூட்டும்படி கேட்கும். கூடுதல் பணம் தர இயலாதவர் அன்றே பத்திரங்களை விற்று, டாலரைக் கொடுத்து யென்னை வாங்கிக் கடனை அடைக்க வேண்டும். கேரி டிரேடின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதி முதன்மையானது. இதில் நட்டம் அடைபவர் தாம் விரும்பும் நேரத்தில் வெளியேறுவதில்லை. ஈடு தீர்ந்துபோகும் நேரத்தில் வெளியேற்றப்படுகிறார்.

வங்கியில் நேரடியாகக் கடன் பெறாமலும் இவ்வணிகத்தைச் செய்யலாம். குறிப்பிட்ட ஒரு நாளில் குறிப்பிட்ட வீதத்தில் யென்னை விற்று டாலரை வாங்குவதாக முன்பேர ஒப்பந்தம் செய்துகொண்டால் அதே விளைவு கிடைக்கும். ஹெட்ஜ் நிதியங்கள் பெரும்பாலும் இவ்வழியை விரும்பின. இத்தகைய ஒப்பந்தங்கள் கடனாகக் கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே உலகெங்கும் மொத்தம் எவ்வளவு யென் இவ்வாறு விற்கப்பட்டிருந்தது என்பதை எந்த ஒரு நிறுவனமும் முழுமையாக அறிந்திருக்கவில்லை.

## லாபம் ஏன் மிஞ்சுகிறது

முன்பேரச் சந்தையைப் பயன்படுத்தி மாற்று வீத ஆபத்தை முழுவதும் நீக்கிவிட முடியாதா என்ற கேள்வி இயல்பாக எழும். நீக்க முடியும், ஆனால் லாபமும் அதோடு போய்விடும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் ஓராண்டுக்குப் பிந்தைய டாலரின் முன்பேர விலை 135 யென்னாக இராது, 129.5 யென்னை ஒட்டியே இருக்கும். வட்டி வேறுபாடு முழுவதும் அந்த விலைக்குள் முன்கூட்டியே கழிக்கப்பட்டிருக்கும். வட்டிக்கும் முன்பேர விலைக்கும் உள்ள இத்தொடர்பைப் பொருளியலாளர் ஜான் மேனார்ட் கெயின்ஸ் 1923 இல் வெளியிட்ட பணச் சீர்திருத்தம் பற்றிய நூலில் விளக்கினார். ஆகவே கேரி டிரேட் செய்பவர் லாபம் பெறுவது மாற்று வீத ஆபத்தைத் தாமே சுமப்பதால்தான்.

பாடநூல் கோட்பாட்டின்படி, ஆபத்தைச் சுமந்தாலும் சராசரியில் லாபம் இருக்கக் கூடாது. வட்டி அதிகமுள்ள நாணயம் அந்த வட்டி வேறுபாட்டின் அளவுக்குக் காலப்போக்கில் மதிப்பிழக்க வேண்டும். ஆனால் நடப்பில் அப்படி நிகழ்வதில்லை என்பதைப் பொருளியலாளர் யூஜின் பாமா 1984 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வட்டி அதிகமுள்ள நாணயங்கள் எதிர்பார்த்த அளவுக்கு இறங்குவதில்லை, பல வேளைகளில் ஏறவும் செய்கின்றன. இந்த முரண்பாடு இன்றும் பொருளியலில் ஒரு புதிராகப் பேசப்படுகிறது.

இப்புதிருக்குத் தரப்படும் விளக்கங்களில் ஒன்று கேரி டிரேடின் தன்மையிலேயே அமைந்தது. பலரும் யென்னை விற்று டாலரை வாங்கும்போது அந்த விற்பனையே யென்னை மேலும் வலுவிழக்கச் செய்கிறது. வட்டியோடு மாற்று வீத லாபமும் சேர்ந்து வருகிறது. அதைக் கண்டு மேலும் பலர் நுழைகின்றனர். லாபம் நாள்தோறும் சிறிது சிறிதாக வருகிறது. இழப்போ எப்போதாவது, ஆனால் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வருகிறது. நாணய வணிகர்களிடையே இதற்கு ஒரு பழமொழி உண்டு: இந்த நாணயங்கள் படியில் ஏறி மின்தூக்கியில் இறங்குகின்றன.

## 1995 முதல் 1998 வரை

யென்னைக் கடனாகப் பெற்றோருக்கு இந்த மூன்று ஆண்டுகள் பொற்காலமாக அமைந்தன. 1995 ஏப்ரலில் 80க்குக் கீழிருந்த டாலர் 1997 மே மாதத் தொடக்கத்தில் 127 யென் வரை ஏறியது. பின்னர் ஜப்பானிய அதிகாரிகள் வட்டி உயரலாம் என்ற எண்ணம் எழும்படி பேசியபோது, சில வாரங்களிலேயே டாலர் 110 யென் வரை இறங்கியது. இறுதியில் நுழைந்த பலர் இதில் நட்டமடைந்தனர். ஆனால் வட்டி உயரவில்லை. டாலர் மீண்டும் ஏறத் தொடங்கியது. பொறுத்திருந்தால் இழந்தது திரும்பி வரும் என்ற பாடத்தையே அந்த எச்சரிக்கையிலிருந்து பலர் கற்றனர்.

அதே ஆண்டு ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடி யென்னை மேலும் நலிவுறச் செய்தது. ஜப்பானிய வங்கிகள் அண்டை நாடுகளுக்குப் பெருமளவில் கடன் கொடுத்திருந்தன. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தகுஷோகு வங்கி வீழ்ந்தது. நாட்டின் நான்கு பெரும் பங்குத் தரகு நிறுவனங்களுள் ஒன்றான யமாய்ச்சியும் அதே மாதம் மூடப்பட்டது. 1998 ஜூனில் அமெரிக்காவும் ஜப்பானும் இணைந்து சந்தையில் யென்னை வாங்கி அதைத் தாங்கிப் பிடிக்க முயன்றன. சில நாட்கள் யென் மீண்டது, பிறகு மறுபடியும் இறங்கியது. 1998 ஆகஸ்டில் டாலர் 147 யென்னைத் தொட்டது.

அந்த வேளையில் யென்னின் எதிர்காலம் குறித்துச் சந்தையில் ஏறத்தாழ ஒரே கருத்துதான் நிலவியது. ஜப்பானின் வங்கிகள் நொறுங்கிக் கொண்டிருந்தன, பொருளாதாரம் சுருங்கிக் கொண்டிருந்தது, வட்டி ஏறுவதற்கு வழியே இல்லை. இவை மூன்றுமே உண்மை. டாலர் 150 யென்னையும் தாண்டிச் செல்லும் என்று பலர் எதிர்பார்த்தனர். இக்கருத்தில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே பக்கம் நின்றதே ஆபத்தாக இருந்தது. யென்னை விற்க விரும்பியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே விற்றுவிட்டனர். இனி அவர்கள் செய்யக்கூடிய அடுத்த செயல் அதைத் திரும்ப வாங்குவது மட்டுமே.

## ரஷ்யாவில் தொடங்கிய நெருக்கடி

1998 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்ய அரசு ரூபிளின் மதிப்பைக் குறைத்தது. தன் உள்நாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் தருவதையும் நிறுத்தியது. அதிக வட்டிக்காக அப்பத்திரங்களை வாங்கியிருந்த வங்கிகளும் நிதியங்களும் பெரும் இழப்பைச் சந்தித்தன. உலகெங்கும் முதலீட்டாளர்கள் ஆபத்தான பத்திரங்களை விற்றுப் பாதுகாப்பானவற்றை நாடினர்.

இதில் சிக்கியவற்றுள் புகழ்பெற்றது லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க ஹெட்ஜ் நிதியம். பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகிய இருவரும் அதன் பங்குதாரர்களாக இருந்தனர். நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கி கூட்டிய பேச்சுக்குப் பின், செப்டம்பர் 23 அன்று 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் கொடுத்து அதன் கட்டுப்பாட்டை ஏற்றன.

இந்நிகழ்வு யென் சந்தைக்குத் தொடர்பற்றதாகத் தோன்றலாம். தொடர்பு கடன் கொடுத்த வங்கிகளின் வழியே வந்தது. ஒரு பெரிய நிதியத்தின் நிலை வெளிச்சத்துக்கு வந்ததும், மற்ற நிதியங்களுக்குக் கொடுத்த கடனையும் வங்கிகள் மறுஆய்வு செய்தன. கடன் வரம்புகளைக் குறைத்தன, அதிக ஈடு கேட்டன. ரஷ்யப் பத்திரங்களில் பணம் இழந்த நிதியங்கள் வேறு எதையாவது விற்றுப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. லாபத்தில் இருந்ததும் எளிதில் விற்கக்கூடியதுமான முதலீடு அவற்றின் கையில் ஒன்று இருந்தது. அது யென் கடனில் வாங்கிய டாலர் முதலீடே. ஆகஸ்டில் 147 ஆக இருந்த டாலர், அக்டோபர் தொடக்கத்தில் 135 யென்னை ஒட்டி இறங்கியிருந்தது.

டாலரின் பக்கத்திலும் மாற்றம் வந்தது. பெடரல் ரிசர்வ் செப்டம்பர் 29 அன்று வட்டியை 5.5 விழுக்காட்டிலிருந்து 5.25 ஆகக் குறைத்தது. குறைத்தது கால் விழுக்காடுதான். ஆனால் இது முதல் படி மட்டுமே என்று சந்தை கருதியது. இனி வட்டி இடைவெளி குறையும், கேரி டிரேடின் லாபமும் சுருங்கும் என்பது தெளிவாயிற்று.

## அக்டோபர் 6 முதல் 8 வரை

அக்டோபர் முதல் வாரத்தில் ஜப்பானிய நாடாளுமன்றம் வங்கிகளை அரசுப் பணத்தால் மீட்கும் சட்டங்களை விவாதித்துக் கொண்டிருந்தது. இது யென்னுக்கு ஓரளவு நல்ல செய்தியே. ஆயினும் 15 விழுக்காட்டு உயர்வை இதைக் கொண்டு விளக்க முடியாது.

அக்டோபர் 6 அன்று டாலர் இறங்கத் தொடங்கியது. வணிகர்கள் பலரும் குறிப்பிட்ட ஒரு விலை வந்தால் தானாகவே விற்கும்படி ஸ்டாப் லாஸ் ஆணைகளை இட்டிருந்தனர். அவ்விலைகள் பெரும்பாலும் 130, 125, 120 போன்ற முழு எண்களுக்கு அருகில் குவிவது வழக்கம். டாலர் ஒரு குவியலைத் தொட்டதும் அங்கிருந்த ஆணைகள் நிறைவேற்றப்பட்டன. அந்த விற்பனை விலையை அடுத்த குவியலுக்குத் தள்ளியது. 7ஆம் தேதி மட்டும் டாலர் பத்து யென் அளவுக்குச் சரிந்தது. 8ஆம் தேதி ஒரு கட்டத்தில் 112 யென்னை ஒட்டிய விலையில் வணிகம் நடந்தது.

சாதாரண நாட்களில் யென்னுக்கும் டாலருக்கும் இடையிலான சந்தை உலகின் மிக ஆழமான சந்தைகளில் ஒன்று. பெரிய வங்கிகளின் வணிக மேசைகள் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் எந்நேரமும் சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆனால் விலை சொல்லும் வங்கி, வாங்கிய டாலரைச் சிறிது நேரமாவது தன் கையில் வைத்திருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்தான் பெரும் இழப்புகளைச் சந்தித்த வங்கிகள், சரிந்துகொண்டிருக்கும் டாலரைக் கையில் வைத்திருக்க விரும்பவில்லை. சில விலை சொல்வதை நிறுத்தின. மற்றவை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே அகன்ற இடைவெளி வைத்தன. எல்லோரும் வெளியேற முயன்ற நேரத்தில் வாசல் குறுகிவிட்டது.

ஜூலியன் ராபர்ட்சனின் டைகர் மேனேஜ்மென்ட் அப்போது உலகின் மிகப் பெரிய ஹெட்ஜ் நிதியங்களுள் ஒன்று. யென் வீழும் என்று அது பெருந்தொகையைப் பணயம் வைத்திருந்தது. அக்டோபர் 7 அன்று அது ஏறத்தாழ 200 கோடி டாலர் இழந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. ஜப்பானின் வங்கிகள் நொறுங்கும் என்ற கணிப்பு பொய்க்கவில்லை. அதே அக்டோபர் மாத இறுதியில் ஜப்பான் நெடுங்காலக் கடன் வங்கி அரசுடைமை ஆக்கப்பட்டது. பொருளாதாரத்தைப் பற்றிய கணிப்பு சரியாக இருந்தும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே நாளில் வெளியேற நேர்ந்ததால் இழப்பு வந்தது. டைகர் நிதியம் பின்னர் வேறு முதலீடுகளிலும் நட்டமடைந்து 2000 மார்ச்சில் மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

அக்டோபர் 15 அன்று பெடரல் ரிசர்வ் தன் வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் வட்டியை மேலும் கால் விழுக்காடு குறைத்தது. அதன்பின் சந்தைகள் படிப்படியாக அமைதியடைந்தன. 1999 பிப்ரவரியில் ஜப்பான் வங்கி தன் குறுகிய கால வட்டியை ஏறத்தாழ சுழியத்துக்குக் கொண்டுவந்தது. யென்னைக் கடனாக வாங்குவது முன்னைவிட மலிவானது.

## சரிவு திடீரென வருவதன் காரணம்

1998 நிகழ்வில் மூன்று கூறுகள் ஒன்றையொன்று வளர்த்தன. முதலாவது, கடன் பெருக்கம். பத்து மடங்கு கடன் வாங்கியவருக்கு 10 விழுக்காடு நகர்வே முழு முதலையும் அழிக்கும். ஆகவே சிறிய நகர்வு கூட சிலரை வெளியேற்றிவிடும். இரண்டாவது, ஒரே திசை. வெளியேறும் ஒவ்வொருவரும் யென்னை வாங்குவதால் அடுத்தவரின் இழப்பு கூடுகிறது. முதலாமவரின் வெளியேற்றமே இரண்டாமவரை வெளியேற்றும் காரணமாகிறது. மூன்றாவது, அமைதியான காலத்தின் மயக்கம். விலைகள் அதிகம் அசையாத நாட்களில், ஆபத்தை அளக்கும் கணக்குமுறைகள் ஆபத்து குறைவு என்றே காட்டும். அதை நம்பி வங்கிகள் அதிகக் கடன் கொடுக்கும். விலை அசையத் தொடங்கியதும் அதே கணக்குகள் ஆபத்து கூடியதாகக் காட்டும், வங்கிகள் கடனைக் குறைக்கும். ஆக, கடனைக் குறைக்கும்படி எல்லோருக்கும் ஒரே நாளில் உத்தரவு வருகிறது.

சரிவைத் தொடங்கிவைக்கும் செய்தி எங்கிருந்தும் வரலாம் என்பதும் இதிலிருந்து விளங்கும். 1998 இல் அது மாஸ்கோவிலிருந்து வந்தது. ரஷ்யப் பத்திரத்துக்கும் யென்னுக்கும் இருந்த ஒரே தொடர்பு, இரண்டையும் ஒரே நிதியங்கள் ஒரே வங்கிகளின் கடனில் வைத்திருந்ததுதான்.

## பிற்கால நிகழ்வுகள்

அடுத்த பத்தாண்டுகளில் யென் கடன் ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர் போன்ற அதிக வட்டி நாணயங்களை நோக்கிச் சென்றது. இம்முறை ஜப்பானின் சிறு முதலீட்டாளர்களும் இணையவழி வணிகத்தின் மூலம் பெருமளவில் இதில் ஈடுபட்டனர். 2008இன் முற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் அடிப்படை வட்டி 7.25 விழுக்காடாகவும் ஜப்பானுடையது 0.5 விழுக்காடாகவும் இருந்தன. அவ்வாண்டு ஜூலையில் ஓர் ஆஸ்திரேலிய டாலருக்கு 100 யென்னுக்கு மேல் கிடைத்தது. லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்ததற்கு அடுத்த மாதமான அக்டோபரில் அது 60 யென்னுக்கும் கீழே இறங்கியது. பல ஆண்டுகள் சேர்த்த வட்டி மூன்று மாதங்களில் கரைந்தது.

2024 இல் மீண்டும் அதே வரிசையைக் காண முடிந்தது. ஜூலை தொடக்கத்தில் டாலர் 161 யென்னைத் தாண்டியிருந்தது. ஜூலை 31 அன்று ஜப்பான் வங்கி வட்டியை 0.25 விழுக்காடாக உயர்த்தியது. இரண்டு நாட்கள் கழித்து வெளியான அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் எதிர்பார்ப்பைவிட நலிவாக இருந்தது. யென் கடன்கள் திருப்பப்பட்டன. ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென்னுக்கு அருகில் இறங்கியது. நிக்கேய் குறியீடு அந்த ஒரே நாளில் 12.4 விழுக்காடு சரிந்து, மறுநாளே 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. நிறுவனங்களின் உண்மை மதிப்பு ஓரிரவில் இப்படி மாறியிருக்க இயலாது. சந்தை நிலையற்றிருக்கும்போது வட்டியை உயர்த்தப்போவதில்லை என்று ஜப்பான் வங்கியின் துணை ஆளுநர் ஷினிச்சி உச்சிடா ஆகஸ்ட் 7 அன்று கூறிய பின் பதற்றம் தணிந்தது.

## முன்கூட்டியே அறிய இயலுமா

கேரி டிரேட் குவிந்திருப்பதைக் காட்டும் சில அளவைகள் உள்ளன. அமெரிக்காவின் பண்டக முன்பேர வணிக ஆணையம் வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையில், யென் முன்பேரச் சந்தையில் ஊக வணிகர்கள் எந்தப் பக்கம் எவ்வளவு நிற்கின்றனர் என்பதைக் காணலாம். யென் ஏறினால் பணம் தரும் விருப்ப ஒப்பந்தங்களின் விலை, யென் இறங்கினால் பணம் தருபவற்றின் விலையைவிடக் கூடுவது மற்றோர் அறிகுறி. ஆபத்தை அறிந்த சிலர் காப்பீடு தேடத் தொடங்கிவிட்டனர் என்பதை அது காட்டும்.

ஆனால் இவை வணிகத்தின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகின்றன. நாணயச் சந்தையின் பெரும்பகுதி பங்குச்சந்தையைப் போல ஒரு பரிவர்த்தனைக் கூடத்தில் நடப்பதில்லை. அது வங்கிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இடையே நேரடியாக நடக்கிறது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் முதலீடு செய்ய வாங்கிய யென் கடனையும், ஊக வணிகத்துக்காக வாங்கிய கடனையும் புள்ளிவிவரத்தில் பிரித்தறிவது கடினம். அதனால்தான் 2024 இல் யென் கேரி டிரேடின் மொத்த அளவு பற்றிக் கூறப்பட்ட மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபட்டன.

குவிந்திருப்பது தெரிந்தாலும் சரியும் நாள் தெரியாது. யென் அளவுக்கு மீறி விற்கப்பட்டுள்ளது என்று 1997 மே மாதத்திலேயே ஒருவர் முடிவு செய்து வணிகத்திலிருந்து விலகியிருந்தால், அடுத்த ஓராண்டு லாபத்தை மற்றவர்கள் ஈட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்திருக்கும். பிறருடைய பணத்தை நிருவகிக்கும் ஒரு மேலாளருக்கு அவ்வாறு காத்திருப்பது எளிதல்ல. அதற்குள் அவருடைய வாடிக்கையாளர்கள் லாபம் காட்டும் வேறொரு நிதியத்துக்குச் சென்றிருக்கக்கூடும். ஆபத்தை உணர்ந்தவர்களும் இறுதிவரை வணிகத்தில் தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1998 அக்டோபர் 8 அன்று 112 யென் விலையில் டாலரை விற்றவர்களில் பலர், அவ்விலை நிலைக்காது என்று அறிந்தே விற்றனர். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.